படித்ததற்கும் எழுதியதற்கும் நடுவே

பொங்கல் முடிந்து ஊர் திரும்பும் நாளில் மதுரையிலிருந்து சென்னைக்குப் போகும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் இடம் பிடிப்பது எளிதல்ல. திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், சோழவந்தான் என்று சுற்றுவட்டாரத்தில் விடுமுறைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அதே ஞாயிற்றுக்கிழமை இரவு வண்டிதான் வேண்டும். ஒரு ஸ்லீப்பர் பெட்டியில் இருப்பவை சில பத்து பெர்த்கள்தான். அவற்றைக் கேட்பவர்களில் ஒருவர் மதுரை ஜங்ஷன் முன்பதிவு கவுண்டரில் நிற்கிறார், இன்னொருவர் திண்டுக்கல் கவுண்டரில், மற்றவர்கள் கைப்பேசியில். இத்தனை பேரும் தொட நினைப்பது ஒரே தரவுத்தளத்தின் ஒரே பதிவை. இந்த நெரிசலில் ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் அறியாமலேயே அழித்துவிடும் பிழைக்குத் ‘தொலைந்த திருத்தம்’ என்று பெயர். தரவுத்தளம் ‘பரிவர்த்தனை’ என்ற பாதுகாப்பைத் தருகிறது, அதற்குள் வேலையைச் செய்தால் இந்தப் பிழை வராது என்று மென்பொருள் எழுதுவோரில் பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை சரியல்ல என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். பரிவர்த்தனை தரும் நான்கு உத்தரவாதங்களில் ஒன்று, நாம் கேட்டு வாங்காதவரை குறைந்த அளவிலேயே கிடைக்கிறது. தொலைந்த திருத்தம் அந்தக் குறை வழியாகத்தான் நுழைகிறது.

பேரேடு இருந்த காலம்

கணினி வருவதற்கு முன் ரயில் முன்பதிவு பேரேட்டில் நடந்தது. ஒரு வண்டிக்கு, ஒரு தேதிக்கு ஒரு பட்டியல். அது ஒரே இடத்தில் இருக்கும். வழியிலுள்ள நிலையங்களுக்குச் சில இடங்கள் ‘கோட்டா’வாகப் பிரித்துத் தரப்படும். கோட்டா தீர்ந்துவிட்டால், இடம் உண்டா என்று பட்டியல் இருக்கும் நிலையத்தைக் கேட்டுப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். இந்த முறை மெதுவானது, பயணிகளை அலையவைத்தது. ஆனால் அதற்கு ஒரு பலம் இருந்தது. பேரேடு ஒரு கையில் இருக்கும்போது மறுகையில் இருக்க முடியாது. எழுத்தர் பக்கத்தைப் புரட்டி, காலியிடத்தைப் பார்த்து, பெயரை எழுதி மூடும்வரை வேறு யாராலும் அந்தப் பக்கத்தைப் பார்க்கக்கூட முடியாது. பார்ப்பதும் முடிவெடுப்பதும் எழுதுவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக இருந்தன. அப்படி இருக்கவேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை; காகிதத்தின் இயல்பு அது.

1980களின் நடுப்பகுதியில் தில்லியில் தொடங்கிய கணினி முன்பதிவு படிப்படியாக நாடெங்கும் பரவியது. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களில் இருந்த கணினிகள் 1999-இல் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. எந்த நிலையத்திலிருந்தும் எந்த வண்டிக்கும் டிக்கெட் எடுக்கலாம் என்ற நிலை வந்தது. 2002-இல் இணையவழி முன்பதிவும் தொடங்கியது. பயணிக்கு இது பெரிய விடுதலை. அதே நேரம், காகிதம் இலவசமாகத் தந்துகொண்டிருந்த பாதுகாப்பு போய்விட்டது. பேரேட்டின் பக்கம் இப்போது ஆயிரம் திரைகளில் ஒரே சமயத்தில் திறந்திருக்கிறது. பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே ஓர் இடைவெளி பிறந்துவிட்டது. அந்த இடைவெளிக்குள் வேறொரு கை புகுந்து எழுதலாம். இழந்த பாதுகாப்பை மென்பொருளில் திரும்பக் கட்டும் முயற்சிதான் பரிவர்த்தனை என்ற கருத்து.

நான்கு உத்தரவாதங்கள்

ஒரு டிக்கெட் பதிவாகும்போது தரவுத்தளத்தில் ஒரு மாற்றம் மட்டும் நடப்பதில்லை. காலியிட எண்ணிக்கை குறையவேண்டும், பயணியின் பெயரும் வயதும் ஒரு பிஎன்ஆர் எண்ணின் கீழ் பதிவாகவேண்டும், கட்டணம் வரவில் ஏறவேண்டும். இந்த மாற்றங்களை ஒரே மூட்டையாகக் கட்டி, ‘இவை எல்லாம் சேர்ந்து ஒரே செயல்’ என்று தரவுத்தளத்திடம் அறிவிப்பதே பரிவர்த்தனை. அமெரிக்கக் கணினி அறிஞர் ஜிம் கிரே 1981-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தக் கருத்தைத் தெளிவாக வரையறுத்தார். 1983-இல் தியோ ஹார்டர், ஆண்ட்ரியாஸ் ராய்ட்டர் என்ற இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள் அதன் நான்கு பண்புகளையும் தொகுத்து ‘ஆசிட்’ என்று பெயரிட்டார்கள். தமிழில் அவற்றை முழுமை, முரணின்மை, தனிமை, நிலைப்பு என்று சொல்லலாம்.

முழுமை என்றால், மூட்டையில் உள்ள எல்லா மாற்றங்களும் நடக்கும், அல்லது ஒன்றும் நடக்காது. எண்ணிக்கை குறைந்த பிறகு, பெயர் பதிவாவதற்கு முன் மின்சாரம் போனால், இயந்திரம் மீண்டும் எழும்போது எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். நிலைப்பு என்றால், ‘பதிவாகிவிட்டது’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எது நடந்தாலும் அந்தப் பதிவு அழியாது. இவை இரண்டையும் பெரும்பாலான தரவுத்தளங்கள் ஒரே உத்தியால் நிறைவேற்றுகின்றன. செய்யவிருக்கும் மாற்றத்தை முதலில் ‘லாக்’ எனப்படும் தொடர் குறிப்பில் எழுதி, அது வட்டில் உண்மையாகவே பதிந்ததை உறுதிசெய்துகொண்ட பிறகுதான் ‘கமிட்’ ஆனதாகப் பதில் சொல்கின்றன. இயந்திரம் விழுந்து எழுந்தால் அந்தக் குறிப்பைப் படித்து, கமிட் ஆனவற்றை மீண்டும் செய்து, ஆகாதவற்றின் விளைவை நீக்கிவிடுகின்றன. இது நன்றாக வேலை செய்கிறது. இதற்கென்று நாம் தனியாக எதையும் எழுதவேண்டியதில்லை.

முழுமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை மட்டும் மறக்கக்கூடாது. அது ஒரு தரவுத்தளத்தின் வேலிக்குள்தான் செல்லும். வங்கிக் கணக்கில் பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை என்ற குறையை நம்மில் பலர் கேட்டிருப்போம். வங்கியின் பரிவர்த்தனை முழுமையானது, முன்பதிவுப் பரிவர்த்தனையும் முழுமையானது. இரண்டையும் சேர்த்துக் கட்டும் மூட்டைதான் இல்லை. இப்படிப்பட்ட இடைவெளிகள் இருக்கவே செய்யும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்திருந்தால், அந்த நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் வங்கி தானாகவே தொகையைத் திருப்பவேண்டும். தவறினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும். இரு அமைப்புகளுக்கு நடுவே உடனடி முழுமை சாத்தியப்படாத இடத்தில், பிறகு கணக்கைச் சரிபார்த்துத் திருத்தும் கடமை அதன் இடத்தை நிரப்புகிறது.

முரணின்மை என்பது, நாம் அறிவித்த விதிகளை எந்தப் பரிவர்த்தனையும் மீறவிடாதது. ‘காலியிடம் பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது’ என்று விதி எழுதி வைத்தால், மைனஸ் ஒன்று என்று எழுத வரும் பரிவர்த்தனையைத் தரவுத்தளம் மறுத்துவிடும். ஆனால் அது நாம் சொன்ன விதிகளை மட்டுமே காக்கும். எழுத வரும் எண் விதிக்கு உட்பட்டதா என்று பார்க்குமே தவிர, அந்த எண் சரியான கணக்கிலிருந்து வந்ததா என்று பார்க்காது. இந்த வேறுபாடு சற்று நேரத்தில் முக்கியமாகப் போகிறது. எஞ்சியிருப்பது தனிமை. ஒரே சமயத்தில் ஓடும் பரிவர்த்தனைகள், ஒன்றன்பின் ஒன்றாக ஓடியிருந்தால் என்ன விளைவு வந்திருக்குமோ அதையே தரவேண்டும் என்பது அதன் முழுப்பொருள். பேரேட்டை ஒரு கை மட்டும் பிடித்திருந்த நிலைமையை மீட்டுத்தரும் வாக்குறுதி இதுதான். சிக்கலும் இங்கேதான்.

ஆறில் நான்கும் இரண்டும்

ரயில்வேயின் உண்மையான மென்பொருள் நாம் இங்கே எடுத்துக்கொள்வதைவிடப் பலமடங்கு சிக்கலானது. பிழையின் உருவத்தைத் தெளிவாகக் காண ஒரு சிறிய அட்டவணையைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு ஸ்லீப்பர் பெட்டி, 72 பெர்த்கள். 66 விற்றுவிட்டன; `vacant` என்ற கட்டத்தில் 6 என்று இருக்கிறது. மதுரை கவுண்டரில் நான்கு பேர் கொண்ட குடும்பம் டிக்கெட் கேட்கிறது. அதே நொடியில் திண்டுக்கல் கவுண்டரில் இருவர் கேட்கிறார்கள். மதுரைக்காக ஓடும் நிரல் இப்படி இருக்கிறது:

```sql
BEGIN;
SELECT vacant FROM quota
 WHERE train = 12638 AND jdate = '2026-01-18';
-- வந்த விடை 6; நிரல் 6 - 4 = 2 என்று கணக்கிடுகிறது
UPDATE quota SET vacant = 2
 WHERE train = 12638 AND jdate = '2026-01-18';
COMMIT;
```

மதுரை நிரல் 6 என்று படிக்கிறது. அது எழுதுவதற்கு முன் திண்டுக்கல் நிரலும் 6 என்றே படிக்கிறது. மதுரை 2 என்று எழுதிக் கமிட் செய்கிறது. திண்டுக்கல் தான் படித்த ஆறிலிருந்து இரண்டைக் கழித்து 4 என்று எழுதிக் கமிட் செய்கிறது. கட்டத்தில் இப்போது இருப்பது 4. மதுரை எழுதிய 2 எங்கும் இல்லை. நான்கு பேருக்கும் இரண்டு பேருக்கும் டிக்கெட் அச்சாகிவிட்டது; விற்றவை 72. பெட்டி நிறைந்துவிட்டது, ஆனால் இன்னும் நான்கு இடங்கள் இருப்பதாகத் தரவுத்தளம் சொல்கிறது. அடுத்து வரும் நான்கு பயணிகளுக்கு இல்லாத பெர்த்கள் விற்கப்படும். இரண்டு நிரல்களிலும் தவறான வரி ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தனித்தனியாக ஓடினால் இரண்டுமே சரியான விடையைத் தரும். இரண்டின் அடிகளும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்ட வரிசைதான் பிழை.

நான்கு உத்தரவாதங்களில் எது மீறப்பட்டது என்று கேட்டுப் பார்க்கலாம். இரண்டு பரிவர்த்தனைகளும் முழுமையாக நடந்தன. இரண்டும் வட்டில் பதிந்து நிலைத்தன. காலியிடம் பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்ற விதியும் மீறப்படவில்லை. 4 என்பது விதிக்கு முற்றிலும் உட்பட்ட எண். மீறப்பட்டது தனிமை ஒன்றுதான். அதனால் எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. தரவுத்தளத்தின் பார்வையில் அன்று எதுவும் தவறாக நடக்கவில்லை.

இதே பிழை எதிர்த்திசையிலும் நடக்கும். ஒருவர் டிக்கெட்டை ரத்து செய்கிறார், எண்ணிக்கை ஒன்று கூடவேண்டும். அதே சமயம் நடந்த ஒரு விற்பனை பழைய எண்ணிலிருந்து கழித்து எழுதி, அந்தக் கூடுதலை அழித்துவிடுகிறது. இப்போது ஒரு பெர்த் உண்மையில் காலியாக இருக்கிறது, கணக்கில் இல்லை. முதல் வகைப் பிழையை ஒரே இடத்துக்கு இரண்டு பேர் வந்து நின்று வெளிக்கொண்டுவந்துவிடுவார்கள். இரண்டாம் வகையில் ஒரு படுக்கை வெறுமனே சென்னைவரை போகும். காத்திருப்போர் பட்டியலில் இருந்தவருக்குத் தனக்கு இடம் இருந்தது தெரியவே தெரியாது. புகார் வரவில்லை என்பதால் பிழை இல்லை என்று முடிவுகட்ட முடியாது. இரண்டையும் கண்டுபிடிக்க ஒரே நம்பகமான வழி, ஒரே உண்மையை இரண்டு விதமாக எண்ணிப் பார்ப்பது. வழங்கப்பட்ட டிக்கெட்களில் உள்ள பெர்த்களை ஒவ்வொன்றாக எண்ணி அதனுடன் `vacant` எண்ணைக் கூட்டினால் 72 வரவேண்டும். நம் எடுத்துக்காட்டில் 76 வரும். கூடுதலாக வந்தால் இல்லாத இடம் விற்கப்படப் போகிறது, குறைவாக வந்தால் இருக்கும் இடம் மறைந்திருக்கிறது. இந்தக் கூட்டலை இரவுதோறும் ஓடவிடும் அமைப்பு, தொலைந்த திருத்தத்தை ஒரு நாளுக்குள் பிடித்துவிடும்.

“பரிவர்த்தனைக்குள்தானே வைத்தோம்?”

முதல் மறுப்பு இங்கே எழும். மேலே உள்ள நிரலில் `BEGIN`, `COMMIT` இரண்டும் இருக்கின்றன. தரவுத்தளம் ஆசிட் பண்புகள் கொண்டது. தனிமை உத்தரவாதம் எங்கே போனது? விடை, தனிமைக்குப் பல படிகள் உண்டு என்பதில் இருக்கிறது. முழுத் தனிமைக்கு `SERIALIZABLE` என்று பெயர். அதற்குக் கீழே வேகத்துக்காகத் தளர்த்தப்பட்ட படிகள் இருக்கின்றன. போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் இரண்டும், நாம் எதுவும் சொல்லாவிட்டால் `READ COMMITTED` என்ற படியில் ஓடுகின்றன. அதன் வாக்குறுதி சிறியது: கமிட் ஆகாத எண்ணை உனக்குக் காட்டமாட்டேன். நீ படித்த எண் நீ எழுதும்வரை மாறாது என்று அது சொல்லவே இல்லை. திண்டுக்கல் நிரல் படித்த 6, படித்த நொடியில் கமிட் ஆன உண்மையான எண்தான். எனவே அந்தப் படியின் வாக்குறுதி காப்பாற்றப்பட்டது. 1995-இல் ஜிம் கிரேயும் சக ஆய்வாளர்களும் எழுதிய ஒரு விமர்சனக் கட்டுரை, எஸ்கியூஎல் தரநிலை இந்தப் படிகளை வரையறுத்த விதம் போதாது என்று காட்டியது. தொலைந்த திருத்தத்தைத் தனிப் பிழையாக அது பட்டியலிட்டது.

ஒரு படி மேலே ஏறினால் போதுமா என்றால், அதுவும் தயாரிப்பைப் பொறுத்தது. `REPEATABLE READ` என்ற படியில் போஸ்ட்கிரெஸ், நீங்கள் படித்த பதிவை வேறொருவர் மாற்றிக் கமிட் செய்துவிட்டதைக் கவனித்து உங்கள் எழுத்தை மறுத்துவிடும். `could not serialize access due to concurrent update` என்ற செய்தி வரும். மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி இயந்திரத்தில் அதே பெயருள்ள படிதான் இயல்புநிலை. ஆனால் அங்கே சாதாரண `SELECT` பழைய நிழற்படத்தைப் படிக்கும், `UPDATE` புதிய பதிவின் மேல் எழுதும். மேலே கண்ட நிரல் அங்கே சத்தமில்லாமல் திருத்தத்தைத் தொலைக்கும். பெயர் ஒன்று, காவல் வேறு. எனவே ‘பரிவர்த்தனைக்குள் வைத்தோம்’ என்பது பதிலின் பாதிதான். எந்தப் படியில், எந்தத் தயாரிப்பில் என்பது மறுபாதி.

இரண்டாவது மறுப்பு, இது அரிதாக நடக்கும் ஒன்று என்பது. படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே சில மில்லிநொடிகள்தான். அதற்குள் அதே பதிவை இன்னொருவர் தொடுவது எவ்வளவு அபூர்வம்! நாள் முழுவதும் சீராகப் பரவி வரும் வேலைக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் மக்களின் தேவை சீராகப் பரவி வருவதில்லை. ஏசி வகுப்புகளுக்கான தத்கால் காலை 10 மணிக்கும் ஏசி அல்லாதவற்றுக்கு 11 மணிக்கும் திறக்கிறது; கேட்பவர்கள் அனைவரும் அந்த முதல் நிமிடத்திலேயே கேட்கிறார்கள், அதுவும் அதே சில வண்டிகளை. மோதும் வாய்ப்பு, எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதைவிட எத்தனை பேர் ஒரே பதிவை ஒரே சமயத்தில் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இடம் எவ்வளவு குறைவோ, கூட்டம் எவ்வளவு அதிகமோ, அந்தப் பதிவில் பிழைக்கான வாய்ப்பும் அவ்வளவு அதிகம். கணக்கு சரியாக இருக்கவேண்டிய அவசியம் மிக அதிகமாக உள்ள நேரத்தில்தான் இந்தப் பிழை வருகிறது. சோதனைக்கூடத்தில் ஒருவர் மட்டும் சொடுக்கிப் பார்க்கும்போது அது ஒருநாளும் தலைகாட்டாது.

மூன்றாவது மறுப்பு கனமானது: அப்படியானால் எல்லாவற்றையும் `SERIALIZABLE` படியில் ஓட்டுங்கள், அல்லது படிக்கும்போதே பதிவைப் பூட்டிவிடுங்கள்; பிறகு என்ன கவலை? `SELECT ... FOR UPDATE` என்று எழுதினால், படித்தவர் கமிட் செய்யும்வரை அந்தப் பதிவு பூட்டப்பட்டிருக்கும். அதே போலக் கேட்டு வரும் மற்றவர் காத்திருப்பார். பேரேட்டைக் கையில் பிடித்த நிலைமை மீண்டும் வந்துவிடும். இது சரியான தீர்வுதான். குறுகிய வேலைகளுக்குப் போதுமான தீர்வும்கூட. ஆனால் அதற்கு விலை உண்டு. பூட்டியவர் தாமதித்தால் பின்னால் வரிசை நீளும். மதுரையில் ஒருவர் போகும் பயணத்தைப் பூட்டிவிட்டுத் திரும்பும் பயணத்தைக் கேட்க, சென்னையில் ஒருவர் அதைப் பூட்டிவிட்டு இதைக் கேட்டால், இருவரும் ஒருவருக்காக ஒருவர் முடிவின்றிக் காத்திருப்பார்கள். தரவுத்தளம் அதைக் கண்டுபிடித்து ஒருவரின் பரிவர்த்தனையைக் கலைக்க வேண்டிவரும். `SERIALIZABLE` படியில் போஸ்ட்கிரெஸ் பொதுவாகக் காக்கவைப்பதற்குப் பதிலாக மறுத்துவிடும். மறுக்கப்பட்ட பரிவர்த்தனையை முதலிலிருந்து மீண்டும் ஓட்டும் பொறுப்பு நிரலுடையது. அந்த மறுமுயற்சியை எழுதாத நிரல், பயணிக்குப் புரியாத ஒரு பிழைச் செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். உச்சப் படி பிழையை ஒழிக்கிறது, வேலையை ஒழிப்பதில்லை.

முடிவும் எழுத்தும் ஒரே வரியில்

பல நேரங்களில் இதைவிட எளிய வழி இருக்கிறது. பிழை எங்கே பிறந்தது என்று திரும்பிப் பார்த்தால் அது தெரியும். கழித்தல் தரவுத்தளத்துக்கு வெளியே, நிரலின் நினைவகத்தில் நடந்தது. நிரல் திரும்பி வந்து ‘2 என்று எழுது’ என்று கட்டளையிட்டது. ஏன் 2 என்பது தரவுத்தளத்துக்குத் தெரியாது. கட்டளையை மாற்றி, ‘இருப்பதிலிருந்து நான்கைக் கழி, ஆனால் குறைந்தது நான்கு இருந்தால் மட்டும்’ என்று சொன்னால் நிலைமையே மாறிவிடும்:

```sql
UPDATE quota SET vacant = vacant - 4
 WHERE train = 12638 AND jdate = '2026-01-18'
   AND vacant >= 4;
```

இந்த ஒரே வரிக்குள் படிப்பதும் முடிவெடுப்பதும் எழுதுவதும் இருக்கின்றன. இரண்டு கவுண்டர்கள் ஒரே சமயத்தில் இதை அனுப்பினால், முதலில் வந்தது அந்தப் பதிவைப் பூட்டும், மற்றது காத்திருக்கும். முதல் பரிவர்த்தனை கமிட் ஆனதும் போஸ்ட்கிரெஸ் இரண்டாவதன் நிபந்தனையைப் புதிய எண்ணின் மேல் மீண்டும் சோதிக்கும். நான்கும் இரண்டும் கேட்டால் இருவருக்கும் கிடைத்து 0 மிஞ்சும். திண்டுக்கல்லில் மூன்று பேர் கேட்டிருந்தால், புதிய எண் 2 என்பதால் நிபந்தனை பொய்த்து எந்தப் பதிவும் மாறாது. `UPDATE 0` என்று விடை வரும். இந்தப் பூஜ்யத்தைப் படிப்பது மிக முக்கியம். தரவுத்தளம் இதைப் பிழையாகக் கருதாது. கேட்ட நிபந்தனைக்கு எந்தப் பதிவும் பொருந்தவில்லை என்று மட்டும் சொல்கிறது. எத்தனை பதிவுகள் மாறின என்று பார்க்காமல் அடுத்த அடிக்குப் போய் டிக்கெட்டை அச்சிடும் நிரல், அடைத்த ஓட்டையை வேறு பக்கம் திறந்துவிடுகிறது.

எண்ணிக்கையைக் குறைப்பதைவிட ஒவ்வொரு பெர்த்தையும் தனிப் பதிவாக வைத்து, ஒரே பெர்த்துக்கு இரண்டு பதிவு கூடாது என்று விதி எழுதலாம் என்று ஒருவர் சொல்லக்கூடும். அது நல்ல யோசனை. அப்போது சத்தமில்லாத பிழை சத்தமுள்ள மறுப்பாக மாறுகிறது. முரணின்மைக்கு நாம் இன்னும் நல்ல விதியைத் தந்திருக்கிறோம் என்று பொருள். ஆனால் ஒரே பெர்த்தை மதுரையிலிருந்து திருச்சிவரை ஒருவருக்கும், திருச்சியிலிருந்து சென்னைவரை இன்னொருவருக்கும் தரலாம் என்பதால், விதி பெர்த் எண்ணோடு நிற்காமல் பயணத் துண்டையும் கணக்கில் கொள்ளவேண்டும். விதியைச் சரியாக எழுத, தொழிலைச் சரியாக அறிந்திருக்கவேண்டும்.

எந்தப் பூட்டும் எந்தப் படியும் எட்டாத ஒரு வகை மிச்சமிருக்கிறது. அதில் இடைவெளி மில்லிநொடி அல்ல, நிமிடக்கணக்கு. ஒரு பிஎன்ஆர் பதிவை ஓர் ஊழியர் தன் திரையில் திறந்து, பயணி ஏறும் நிலையத்தை மதுரையிலிருந்து கொடைக்கானல் ரோடுக்கு மாற்றப்போகிறார். அதே பதிவை வேறோர் ஊரில் இன்னொருவர் திறந்து, வயதில் இருந்த தவறைத் திருத்துகிறார். திரையில் உள்ள எல்லாக் கட்டங்களையும் மொத்தமாகச் சேமிக்கும் நிரலாக இருந்தால், பின்னால் சேமிப்பவர் முன்னவரின் திருத்தத்தைப் பழைய மதிப்பால் மூடிவிடுவார். இங்கே படித்தது ஒரு பரிவர்த்தனை, எழுதியது வேறொரு பரிவர்த்தனை. இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை என்று தரவுத்தளத்துக்குத் தெரிய வழியே இல்லை. `SERIALIZABLE` படியும் இதைக் காணாது. மனிதர் யோசித்து முடிக்கும்வரை பூட்டி வைப்பதும் நடக்காது. அவர் எழுந்து போய்விட்டால் பதிவு பூட்டிலேயே கிடக்கும். இதற்கு வழி, ஒவ்வொரு பதிவிலும் `version` என்ற ஓர் எண்ணை வைத்து, சேமிக்கும்போது ‘நான் பார்த்த எண் 17; இன்னும் 17 என்றால் மட்டும் எழுதி 18 ஆக்கு’ என்று கேட்பது. இடையில் யாராவது மாற்றியிருந்தால் மீண்டும் அந்த `UPDATE 0` வரும். ஊழியருக்குப் புதிய பதிவைக் காட்டி மறுபடி திருத்தச் சொல்லவேண்டும். உத்தி முன்னதுதான்: எந்த உண்மையை நம்பி முடிவெடுத்தோமோ அந்த உண்மையையும் எழுத்தோடு சேர்த்து அனுப்புவது.

கடைசியாக ஒரு மறுப்பு: எல்லா விண்ணப்பங்களையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒன்று முடிந்த பிறகே அடுத்ததை எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லையே? உண்மைதான். தரவு முழுவதையும் நினைவகத்தில் வைத்து அப்படியே வேலை செய்யும் தரவுத்தளங்கள் இருக்கின்றன. சிறிய பரிவர்த்தனைகளை அவை வியக்கத்தக்க வேகத்தில் முடிக்கின்றன. ஆனால் ‘6 என்று படி’ ஒரு விண்ணப்பமாகவும் ‘2 என்று எழுது’ வேறொரு விண்ணப்பமாகவும் அந்த வரிசைக்குள் வந்தால், நடுவே திண்டுக்கல்லின் விண்ணப்பம் நின்றுகொள்ளும். திருத்தம் அங்கேயும் தொலையும். வரிசை காப்பது ஒரு விண்ணப்பத்துக்குள் இருப்பதை மட்டுமே. எது ஒரே செயல் என்பதைச் சொல்லவேண்டியவர் நிரலை எழுதுபவர்தான். தரவுத்தளம் அதை ஊகிக்காது.

இந்த வாதத்தை நம்பி ஏற்கவேண்டியதில்லை, யாரும் சோதித்துப் பார்க்கலாம். ஒரு கணினியில் போஸ்ட்கிரெஸில் அந்தச் சிறிய அட்டவணையை உருவாக்கி, `psql` சாளரங்கள் இரண்டைத் திறந்து, இரண்டிலும் `BEGIN` கொடுத்து, இரண்டிலும் `SELECT` செய்யுங்கள். இரண்டும் 6 காட்டும். முதல் சாளரத்தில் 2 என்று எழுதிக் கமிட் செய்யுங்கள், இரண்டாவதில் 4 என்று எழுதிக் கமிட் செய்யுங்கள். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் 4 நிற்கும். பிறகு எண்ணை மீண்டும் 6 ஆக்கிவிட்டு, இரண்டிலும் `BEGIN ISOLATION LEVEL REPEATABLE READ` என்று தொடங்கி அதையே செய்தால் இரண்டாவது மறுக்கப்படும். மூன்றாம் முறை, எண்ணை மறுபடி 6 ஆக்கி, சாதாரண `BEGIN` கொடுத்து, நிபந்தனையை உள்ளே வைத்த `UPDATE` வரியை ஒன்றில் நான்குக்கும் மற்றதில் இரண்டுக்கும் கொடுத்துக் கமிட் செய்தால் எண்ணிக்கை சரியாக வரும். இயந்திரமும் அட்டவணையும் கேட்டவர்களும் மூன்று முறையும் அவையே. முதல் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் நடுவே மாறியது, கழித்தலை யார் செய்தார்கள் என்பது மட்டும். இருவர் ஒரே பதிவைத் தொடக்கூடிய எந்த நிரலையும், கவுண்டரில் வைப்பதற்கு முன் இப்படி இரண்டு சாளரங்களில் வைத்துச் சோதிப்பது அதை எழுதியவரின் கடமை.